பல்லும் 18 வயதும்

கேள்வி: 18 வயது ஆகிவிட்டதா என்று பல்லைப் பார்த்தே சொல்ல முடியுமா? இறந்தவரை அடையாளம் காண்பதும் இப்படித்தானா?

உறுதியாகச் சொல்ல முடியாது. ஞானப்பல் இடமில்லாமல் ஈறுக்குள்ளேயே தங்கிவிடலாம்; அதனால் முளைப்பதைவிட எக்ஸ்ரேயில் தெரியும் வேர் வளர்ச்சியே நம்பகமானது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர்நுனி மூடி, ஞானப்பல்லின் வேர் பாதி வளர்ந்திருந்தால் வயது சுமார் 16 எனலாம். இரண்டு ஆண்டு முன்பின் இருக்கும். எனவே 17-ஐயும் 18-ஐயும் பிரிக்க இதை மட்டும் நம்புவது அநியாயம். ஞானப்பல்லின் வேர்நுனியும் மூடிவிட்டால், பல் வளர்ச்சி அதற்குமேல் எதையும் சொல்லாது.

அடையாளம் காண்பது வேறு வேலை. அதற்கு உயிரோடிருந்தபோது எடுத்த எக்ஸ்ரே வேண்டும். பல்லடைப்பின் வடிவத்தையும் வேரின் வளைவையும் அதனோடு ஒப்பிடுவார்கள். அன்று இருந்த பல் இன்று இல்லையென்றால் இடையில் பிடுங்கியிருக்கலாம். அன்றே பிடுங்கிய நிரந்தரப் பல் இன்று இருந்தால், அவர் வேறு ஆள்.