ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்புத் தேய்மானமும்

"62 வயது அம்மாவுக்கு வாதத்துக்காக தினம் 10 மி.கி. பிரெட்னிசலோன், பல மாதங்களுக்கு. கால்சியம் மட்டும் போதுமா?"

பெரும்பாலும் போதாது. எலும்பு வேகமாகக் கரைவது முதல் சில மாதங்களில்தான், அதனால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உணவும் மாத்திரையும் சேர்த்து தினம் 1000–1200 மி.கி. கால்சியம், 600–800 யூனிட் வைட்டமின் டி அடிப்படை. மாதவிடாய் நின்ற இந்த வயதில் எலும்பு மருந்தும் தேவைப்படலாம்; எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

வழக்கமாகத் தருவது வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. தவறு நடப்பது சாப்பிடும் முறையில். காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். காபி, கால்சியம் எல்லாம் அப்புறம்தான், கூடவே போட்டால் மருந்து உடம்பில் சேராது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே சொல்லுங்கள். எலும்புக்குப் பயந்து ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.