மூன்று மணி நேரப் பேச்சைப் பத்துப் பக்கமாக்குவது: நேர்காணல் தொகுப்பு கேள்வி பதில்

கல்லூரி மாணவி: அக்கா, ஒரு தெருக்கூத்துக் கலைஞரிடம் மூன்று மணி நேரம் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். பத்துப் பக்கத்துக்குள் கேள்வி பதிலாகக் கேட்கிறார்கள். எங்கே கை வைப்பது?

முதலில் எதையும் வெட்டாமல் முழுக்க எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு மணி நேரமாவது பிடிக்கும், இரைச்சல் இருந்தால் இன்னும் கூடும். எழுதும்போதே திருத்தாதீர்கள். உங்கள் கேள்விகளையும் கேட்டபடியே எழுதுங்கள், நடுவில் குறுக்கே பேசியது, "அப்படியா" என்று இழுத்தது உட்பட. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பதிவின் நேரத்தைக் குறித்து வையுங்கள். பிற்பாடு எதைச் சரிபார்ப்பதற்கும் அதுதான் பிடிமானம்.

அப்புறம் அச்செடுத்து, எந்தப் பேச்சு எங்கெங்கே வருகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். வாத்தியார், பெண் வேடம், மைக், பிள்ளைகள் என்று ஒரே விஷயம் மூன்று நான்கு இடங்களில் வந்திருக்கும். இடம் பற்றாது என்று தெரிந்ததும் எல்லாப் பதிலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். சுரண்டும்போது முதலில் போவது "சில ஊர்ல", "எனக்குத் தெரிஞ்சு", "ஆனா அப்பவும்" மாதிரியான சொற்கள்தான். அவை போனால் நிதானமாகப் பேசிய மனிதர் அடித்துப் பேசுகிறவராகிவிடுவார். அதற்குப் பதில் இரண்டு மூன்று விஷயங்களை முழுதாகவே விட்டுவிட்டு, மீதியை அவர் பேசிய அளவுக்கு நிறைவாகக் கொடுங்கள்.

அதே மாணவி: "வந்து", "அதாவது", பாதியில் நிறுத்தி மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்தானே?

"வந்து" போகட்டும். மாற்றிச் சொன்னதில்தான் கவனம் வேண்டும். நான் தொகுத்த ஒரு கூத்துக் கலைஞரின் பேட்டியிலிருந்து, பதிவில் இருந்தபடி:

"எங்க வாத்தியாரு வந்து... அடிப்பாரு. தாளம் வுட்டா அடிதான். இல்ல, அடிப்பாருன்னு சொல்லக்கூடாது. ஒரு தடவ அடிச்சாரு. மத்தபடி பாக்கறதோட சரி. எனக்குத் தெரிஞ்சு வேற யாரையும் அடிக்கல."

இதைத் தொகுக்கக் கொடுத்தால் பலரும் இப்படி எழுதிக் கொண்டுவருவார்கள்: "தாளம் விட்டதற்காக வாத்தியார் ஒரே ஒரு முறை என்னை அடித்திருக்கிறார்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு அடி எதற்கு விழுந்தது என்று அவர் சொல்லவே இல்லை. "தாளம் வுட்டா அடிதான்" என்பது அவர் அடுத்த மூச்சிலேயே திரும்ப எடுத்துக்கொண்ட பேச்சு. அதிலிருந்து காரணத்தை எடுத்து இதில் ஒட்டியாகிவிட்டது. "ஒரே ஒரு" என்ற அழுத்தமும் தொகுத்தவர் போட்டது. இன்னொன்று கவனித்தீர்களா? "என்னை" என்றும் அவர் சொல்லவில்லை. "வேற யாரையும்" என்பதை வைத்து அப்படி ஊகிக்கலாம், அவ்வளவுதான். நான் அவருக்குப் போன் செய்து கேட்டேன், அவரைத்தான் என்றார். அதற்கப்புறம்தான் சதுர அடைப்புக்குள் [என்னை] என்று சேர்த்தேன்.

பொதுவாக, ஒருவர் தன்னைத் திருத்திக்கொண்டால் திருத்திய பேச்சை மட்டும் வைத்தால் போதும். தேதி, ஊர்ப் பெயர் தடுமாறியதையெல்லாம் அச்சில் காட்டினால் ஆளைச் சங்கடப்படுத்துவதாகும். இந்த இடத்தில் மட்டும் தடுமாற்றத்தையும் விட்டுவைத்தேன். வாத்தியாரைப் பற்றி ஒரு சொல் அதிகம் போய்விட்டதே என்று அவர் பதறியது பேட்டியில் இருக்க வேண்டும் என்று பட்டது.

சட்டம் படித்தவர்: மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் அவதூறு வழக்குதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது.

நீங்கள் சொல்வது உளப்பகுப்பாய்வாளர் ஜெஃப்ரி மேசன் தொடுத்த வழக்கு என்று நினைக்கிறேன். தீர்ப்பு வந்தது உண்மை, சொன்னது வேறு. 1983-ல் நியூயார்க்கர் இதழில் பத்திரிகையாளர் ஜேனட் மால்கம் அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், தான் சொல்லாத சொற்கள் மேற்கோள் குறிக்குள் வந்திருப்பதாக மேசன் வழக்குப் போட்டார். 1991-ல் உச்ச நீதிமன்றம், சொல் மாறியது என்பதற்காக மட்டும் மேற்கோள் பொய்யாகிவிடாது, பொருள் குறிப்பிடத்தக்க அளவு மாறியதா என்று பார்க்க வேண்டும் என்றது. பேச்சை எழுத்தாக்கும்போது ஏதாவது மாறித்தான் தீரும் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் 1994-ல் நடுவர் குழு மால்கம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அது அமெரிக்க அவதூறுச் சட்டம் சம்பந்தப்பட்டது. வழக்கில் ஜெயிக்கிற அளவுக்கு மாற்றலாம் என்று தொகுப்பாளர் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூத்து ஆடும் அந்தப் பெரியவர் என்மேல் வழக்குப் போடப் போவதில்லை. "நான் இப்படிச் சொல்லலையேம்மா" என்பார், அவ்வளவுதான்.

சிற்றிதழ் நடத்துபவர்: பதிலைத் தொடக் கூடாது, சரி. கேள்வி நம்முடையதுதானே? அதை எப்படி வேண்டுமானாலும் சீர்செய்து எழுதலாம் அல்லவா?

பதிலை அதிகம் தொடாமலே ஆளைப் பொய் சொல்ல வைக்கிற வழி இதுதான். அதே பேட்டியில் ஓர் இடம். கேள்வி கேட்டவர், "மைக் வந்ததுதானே கூத்தைக் கெடுத்தது, இல்லைங்களா ஐயா?" என்று கேட்கிறார். பெரியவர், "ஆமா, அதுவும் ஒண்ணுதான்" என்கிறார். முதல் தொகுப்பில் இது எப்படி வந்தது என்றால், கேள்வி: "கூத்து ஏன் மாறியது?" பதில்: "மைக் வந்ததும் ஒரு காரணம்தான்." மைக் என்ற பேச்சை எடுத்தவர் கேட்டவர். அச்சில் அது பெரியவரின் சொந்தக் கருத்தாகிவிட்டது.

நம் ஊரில் வயதானவர்கள், வீடு தேடி வந்தவர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். "ஆமாங்க", "அதுவும் உண்டு" என்பதெல்லாம் பல சமயம் மரியாதைக்குச் சொல்வது. அதனால் பேட்டியில் "ஆமா" என்று தொடங்கும் பதில்களையெல்லாம் தனியாக எடுத்து, அதற்குப் பின்னால் அவராகச் சொன்னது என்ன என்று பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டே வழிதான்: கேள்வியை அந்தத் தூண்டலோடு அப்படியே அச்சிடுவது, இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுவது. இந்தப் பேட்டியில் இன்னொரு மணி நேரம் தள்ளி, யாரும் கேட்காமலே அவர் மைக்கைப் பற்றிச் சொல்கிறார்: "மைக் வந்த பொறவு தொண்ட பொழச்சுது. முன்ன எட்டு நாள் ஆடுனா ஒம்பதாம் நாள் பேச்சு வராது." நேர் எதிர்! அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

கேள்வியைச் சுருக்கலாம், சுற்றி வளைத்ததை நேராக்கலாம். கேட்கும்போது தெரியாத விவரத்தைப் பின்னால் படித்துவிட்டுக் கேள்விக்குள் நுழைப்பதும், அசட்டுக் கேள்வியை அறிவாளிக் கேள்வியாக்குவதும் கூடாது. அசட்டுக் கேள்விக்கு அவர் பொறுமையாகச் சொன்ன பதில், கூர்மையான கேள்விக்குக் கீழே மழுப்பலாகத் தெரியும்.

யூடியூப் சேனல் வைத்திருப்பவர்: எங்கள் வீடியோ பேட்டியில் வெட்டிய இடங்கள் துள்ளித் துள்ளித் தெரிகின்றன. எந்த மென்பொருளில் ஒட்டினால் தெரியாது?

ஒட்டுத் தெரியாமல் செய்வது என் வேலை இல்லை, தம்பி. இங்கே பேசுவது அச்சுக்குத் தொகுப்பதைப் பற்றி. ஆனால் உங்களைப் பார்த்து ஒரு விதத்தில் பொறாமைதான். வெட்டியது உங்கள் பார்வையாளருக்குத் தெரிகிறது. அச்சில் அது தெரியவே தெரியாது.

ஆய்வு மாணவர்: முன்னும் பின்னுமாகப் பேசியதை வரிசைப்படுத்திச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சேர்க்காமல் முடியாது. பார்க்க வேண்டியது ஒன்று: பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் புதிதாக ஒரு "அதனால்" முளைக்கிறதா? நாற்பதாவது நிமிடத்தில் பெரியவர், பெண் வேடம் கட்டினால் ஊரில் கேலி பேசுவார்கள் என்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து, மகனைக் கூத்துக்கு அனுப்பவில்லை என்கிறார். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் கேலிக்குப் பயந்து அனுப்பவில்லை என்றுதான் யாரும் படிப்பார்கள். அவர் சொன்ன காரணம், பையனுக்கு ராக்கண் விழிப்பு ஒத்துக்கொள்ளாது என்பது. தூர இருந்த இரண்டு பேச்சைச் சேர்த்தால் நடுவில் ஒரு கேள்வியையோ பத்தி முறிவையோ வைத்துவிடுவேன். அந்தக் கேள்வியும் பதிவில் எங்காவது கேட்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் தொகுப்பின் ஒவ்வொரு பத்திக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு பதிவை மறுபடி கேளுங்கள். எழுத்துப்படியோடு ஒப்பிட்டால் போதாது, காதால் கேட்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் பிடிபடும்.

பத்திரிகை நிருபர்: அச்சுக்கு முன் பேட்டி கொடுத்தவரிடம் காட்டுவது அடிமைத்தனம் இல்லையா?

இதில் ஊருக்கு ஒரு வழக்கம். ஜெர்மனியில் அரசியல்வாதிகளின் பேட்டியை அனுப்பி ஒப்புதல் வாங்கித்தான் அச்சிடுவார்கள். 2003-ல் ஓலாஃப் ஷோல்ட்ஸ், பின்னாளில் சான்சலர் ஆனவர், அப்போது சமூக ஜனநாயகக் கட்சியின் பொதுச்செயலாளர், தன் பேட்டிக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். பெர்லின் நாளிதழான டாட்ஸ் கேள்விகளை மட்டும் அச்சிட்டு, பதில்களையெல்லாம் கறுப்பு மையால் அடித்து வெளியிட்டது. பாரிஸ் ரிவ்யூ இதழின் எழுத்தாளர் பேட்டிகள் இன்னொரு வகை. அங்கே எழுத்தாளரே உட்கார்ந்து தன் பதில்களைத் திருத்துவது வழக்கம், அதை யாரும் மறைப்பதும் இல்லை.

அமைச்சர் பேட்டியை நான் காட்ட மாட்டேன். கூத்துக் கலைஞருக்குப் போய் வாசித்துக் காட்டுவேன். பெயர், ஊர், வருடம், "நான் சொன்னது இது இல்லை" என்பதைத் திருத்தலாம். சொன்னதைச் சொல்லவில்லை என்று மாற்ற முடியாது. இதைப் பேட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூத்த வாசகர்: அம்மா, மேலே பெரியவர் பேச்சைக் கொச்சையாகவே போட்டிருக்கிறீர்கள். பேராசிரியர் பேட்டியை இப்படிப் போடுவீர்களா? வீட்டில் அவரும் "வுட்டா" என்றுதான் பேசுவார்.

நியாயமான கேள்வி ஐயா. மேலே காட்டியது பதிவின் எழுத்துப்படி. அச்சில் "விட்டால்", "பிறகு" என்று எழுத்தை நேராக்கிவிடுவோம். சொற்களையும் வாக்கிய ஓட்டத்தையும் தொடுவதில்லை. "தொண்ட பொழச்சுது" என்பது "தொண்டை பிழைத்தது" ஆகும், "குரல்வளம் மேம்பட்டது" ஆகாது. ஒரே இதழில் இருவரும் வந்தால் இருவருக்கும் இதே அளவுதான்.

மூத்த வாசகர்: "பிழைத்தது" என்றதும் அவர் குரல் போய்விட்டதே, அம்மா.

கொஞ்சம் போகத்தான் செய்கிறது. உங்களுக்கு மறுப்பு என்னிடம் இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: இறந்துபோன தாத்தாவின் பேட்டியைக் குடும்ப மலரில் போடுகிறோம். ஒரு சித்தப்பா பணம் ஏமாற்றினார் என்று அதில் சொல்லியிருக்கிறார். சித்தப்பா உயிரோடு இருக்கிறார். "வருத்தம் இருந்தது" என்று மென்மையாக்கிவிடலாமா?

மென்மையாக்காதீர்கள். அது அவர் சொல்லாதது, மறுக்கவும் அவர் இல்லை. அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். முன்னுரையில் "குடும்ப விஷயங்கள் சில நீக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி போடுங்கள். முழுப் பதிவை அழித்துவிடாமல் யாராவது ஒருவர் வைத்திருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துச் சித்தப்பாவே போன் செய்து கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள்தான் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.