கார் டச் ஸ்கிரீன் உறைந்து நின்றால் ஃபேக்டரி ரீசெட்தான் வழியா?

"நாலு வருஷக் கார். டச் ஸ்கிரீன் அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறது, மற்ற நேரத்தில் ரொம்ப ஸ்லோ. சர்வீஸில் ஃபேக்டரி ரீசெட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

இப்போதே வேண்டாம், அது சேமித்ததையெல்லாம் அழித்துவிடும். முதலில் சாஃப்ட் ரீசெட், அதாவது திரையை ரீஸ்டார்ட் மட்டும் செய்து பாருங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுச் செய்யுங்கள். ரிவர்ஸ் கேமராவும் அதே திரையில்தான் வருகிறது, அது கொஞ்ச நேரம் இருக்காது. பல கார்களில் வால்யூம் குமிழையோ பவர் பட்டனையோ 10 முதல் 20 விநாடி விடாமல் அழுத்தினால் திரை கறுத்து, கம்பெனி லோகோ வரும். உங்கள் காரில் எந்த பட்டன் என்று மேனுவலில் பாருங்கள். சேமித்த போன்களோ ரேடியோ நிலையங்களோ இதனால் அழியாது.

பட்டனுக்கு மசியாவிட்டால், இன்ஜினை அணைத்து, இறங்கி, காரைப் பூட்டி, சாவியோடு தள்ளிப் போய்க் கால் மணி நேரம் விடுங்கள். பல கார்களில் இன்ஜினை அணைத்தாலும் டிரைவர் கதவைத் திறக்கும்வரை திரைக்கு கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். சில பழைய செட்டுகள் ரேடியோ கோட் கேட்டு நின்றுவிடும்.

ரீசெட் செய்து இரண்டு நாளில் மறுபடி உறைந்தால், உள்ளே சேர்ந்திருப்பதைப் பாருங்கள். என் காரில் அப்படித்தான் ஆனது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் திரை முழுசாக வர மூன்று நிமிடம் ஆகும், தொட்டது எதுவும் கேட்காது. கடைசியில் பார்த்தால், யூஎஸ்பி துளையில் மாசக்கணக்கில் கிடந்த 64 ஜிபி பென் டிரைவ். அதில் ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டு. செட் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் படித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. பிடுங்கிய அன்றே சரியானது. இப்போது அதில் ஐந்நூறு பாட்டுதான். அதே சாக்கில் புளூடூத் பட்டியலில் இருந்த பழைய போன்களையும், அவற்றோடு வந்த கான்டாக்டுகளையும் நீக்கினேன். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மட்டும் தகராறு என்றால், காரைத் தொடாதீர்கள். போனில் அந்த ஆப்பின் கேஷை அழித்து, கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து, பென் டிரைவும் போனும் இல்லாமல் ஓட்டியும் உறைகிறதா? அல்லது சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியதா? அப்போது ஃபேக்டரி ரீசெட் போடலாம். காரை விற்கும்போது கட்டாயம் போட வேண்டும், உங்கள் கான்டாக்டுகளும் வீட்டு முகவரியும் அதில் இருக்கும். போடும் முன் ரேடியோ நிலையங்களையும் ஆடியோ செட்டிங்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடியும்வரை கரண்ட் அறுபடக் கூடாது. பிறகு போனிலும் அந்தக் காரின் பெயரை "Forget" கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள், இல்லாவிட்டால் புளூடூத் தகராறு செய்யும்.

ஆனால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் திரை அணைந்து மறுபடி வருகிறது என்றால், முதலில் பேட்டரியைப் பாருங்கள். இரவு நின்ற வண்டியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் எந்த ரீசெட்டும் உதவாது.