கஞ்சிக்கோட்டுல எச்ஆர் வேலைக்கு சேர்ந்த பொண்ணும் ஒரு வெல்கம் மெசேஜும்

அக்கா, நீங்க அனுப்புன ரெண்டு மெசேஜையும் படிச்சேங்க. வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டுல பொண்ணு எச்ஆர் ட்ரெய்னியா சேர்ந்து மூணு வாரம் தான் ஆகுது, அதுக்குள்ள புது ஆளுக்கு எழுதுன வெல்கம் மெசேஜ மேனேஜர் ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாரு, இந்த வேலையே அவளுக்கு ஒத்து வராதோன்னு கேக்கறீங்க. அப்படி இல்லீங்க, அவ மாத்துனது தப்பான எடத்துல, அவ்வளவு தான்.

மேனேஜர் டீம் குரூப்ல அவசரத்துல போட்டது இது:

"ஹாய் ஆல், திங்கக்கெழம புது ஆள் வர்றாங்க, வெல்கம் பண்ணிருங்க!! டாக்குமெண்ட் எல்லாம் இங்கயே போட சொல்லுங்க, 9 மணிக்கு வந்தா போதும், மீதி அப்புறம்"

இத நல்லா எழுதுன்னு சொன்னதும் உங்க பொண்ணு "தங்களை எங்கள் நிறுவனக் குடும்பத்தில் இணைத்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்"னு ஆரம்பிச்சு பத்து வரி எழுதியிருக்கா. மரியாதை வந்துருச்சு, ஆனா அதுல இருந்த ஒரே உருப்படியான விஷயம் 9 மணி, அது காணாம போயிருச்சு. மேனேஜர் திருப்பி அனுப்புனது அதுக்காகத் தான் இருக்கும்.

வேலைக்கு சேர்றதுக்கு மொத நாள் ராத்திரி அந்த ஆளு என்ன யோசிப்பாங்கன்னு மட்டும் அவள நெனைக்க சொல்லுங்க. எந்த கேட், யார கேக்கணும், என்ன எடுத்துட்டு போகணும், சாப்பாடு கட்டிட்டு போகணுமா. என் மொத வேலையில ஐடி கார்டு இல்லாம கேட்ல முக்கால் மணி நேரம் நின்னேன், செக்யூரிட்டி மலையாளத்துல யார பாக்கணும்னு கேக்கறாரு, எனக்கு சொல்ல ஒரு பேரு கூட தெரியல. ஒரே ஒரு பேரு அந்த மெசேஜ்ல இருந்திருந்தா போதும்.

அடுத்தது டாக்குமெண்ட். ஆதார், பான், பாஸ்புக் காப்பியெல்லாம் குரூப்ல போட சொல்லவே கூடாதுங்க, இருபது பேரு போன்ல அது போய் உக்காந்துக்கும், திரும்ப எடுக்க முடியாது. எச்ஆர் மெயிலுக்கு மட்டும் கேக்கணும், இல்லேன்னா நேர்ல கொண்டு வர சொல்லணும். ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டு வர சொன்னா, பாத்துட்டு அன்னிக்கே திருப்பி குடுத்துருவோம்னு சேத்து எழுதணும் (கம்பெனியில அப்படித்தான் பண்றாங்களான்னு கேட்டுட்டு), இல்லேன்னா வாங்கி வெச்சுக்குவாங்களோன்னு வீட்ல எல்லாரும் பயப்படுவாங்க. முன்னாடி எங்கயாவது வேலை பாத்திருந்தா யுஏஎன் நம்பரும் கேக்கணும், அது பிஎஃப்புக்காக ஒரு ஆளுக்கு ஒண்ணு தான் இருக்கற நம்பர், சேர்றப்ப குடுக்கற பிஎஃப் ஃபார்ம் 11ல அத எழுதணும், பழசு இருக்கறப்ப புதுசா ஒண்ணு உண்டாயிருச்சுன்னா அப்புறம் ரெண்டையும் சேக்கறதுக்கு அலையணும்.

வர்ற ஆளு பேரு ரேவதின்னு வெச்சுக்கலாம். ஆபீஸ்ல இங்கிலீஷ்ல தான் போகும், உங்களுக்கு புரியறதுக்காக நான் தமிழ்லயே எழுதறேன்:

"வணக்கம் ரேவதி, திங்கக்கிழமை நீங்க குவாலிட்டி டீம்ல சேர்றது எங்களுக்கு சந்தோஷம். காலை 9 மணிக்கு மெயின் கேட்டுக்கு வாங்க, செக்யூரிட்டிகிட்ட என் பேர சொன்னா நானே வந்து கூட்டிட்டு போறேன். சர்டிபிகேட் ஒரிஜினல், ரெண்டு போட்டோ, பாஸ்புக் காப்பி கொண்டு வாங்க, ஒரிஜினல சரிபார்த்துட்டு அன்னிக்கே திருப்பி தந்துருவோம். ஏற்கனவே யுஏஎன் இருந்தா நம்பர எழுதிட்டு வாங்க. மதியம் கேன்டீன்ல சாப்பாடு இருக்கு. மத்தியானம் வரைக்கும் ஃபார்ம், சேஃப்டி ட்ரெய்னிங், அதுக்கப்புறம் உங்க டீம பாக்கலாம். வழி தெரியலேன்னா இந்த நம்பருக்கு கூப்பிடுங்க."

கீழ அவ பேரும் ஆபீஸ் நம்பரும். இதுல சம்பளம், கன்ஃபர்மேஷன், லீவு பத்தி ஒரு வார்த்தையும் வேண்டாம், அதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல இருக்கறது தான் செல்லும், இவ ஒண்ணு எழுதி லெட்டர்ல வேற இருந்தா சண்ட இவகிட்ட தான் வரும்.

டீமுக்கு தனியா ஒண்ணு போகணும், மேனேஜர் ரெண்டையும் ஒண்ணா போட்டதால தான் இவளுக்கு குழப்பமே வந்துச்சுங்க. அது மூணு வரி போதும்: பேரு, என்ன வேலைக்கு வர்றாங்க, மொத வாரம் யாரு கூட இருப்பாங்க. சொந்த ஊரு, வயசு, கல்யாணம் ஆச்சா இதெல்லாம் வேண்டாம். போட்டோ போடறதா இருந்தா ரேவதிகிட்ட கேட்டுட்டு போடட்டும்.

அனுப்பறதுக்கு முன்னாடி, போன மாசம் சேர்ந்த யாராவது ஒருத்தர்கிட்ட காட்டி "நீங்க வந்தப்ப இதுல என்ன தெரியாம இருந்துச்சு"ன்னு கேக்க சொல்லுங்க, அவங்க சொல்றத சேத்துக்கட்டும். திங்கக்கெழம ஜாயினிங்னா வியாழக்கெழமையே போயிரணுங்க, ரெண்டாவது, நாலாவது சனிக்கெழம பேங்க் லீவு, வெள்ளி சாயங்காலம் அனுப்புனா பாஸ்புக் என்ட்ரி போட ரேவதிக்கு நாளே இருக்காது.