எனக்குத் திறக்குதே, உங்களுக்கு ஏன் திறக்கல?

ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது லயமும் இல்லை, ஆளும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் போன எங்களை ஒரு புலனக் குழுதான் சேர்த்து வைத்திருக்கிறது. ஆளாளுக்கு வைத்திருந்த பழைய படங்களை வாங்கி, என் அண்ணன் மகன் கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையில் போட்டுக் குழுவில் இணைப்பு அனுப்பினான். அவன் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். குழுவில் உள்ள மற்ற இரண்டு மூன்று ஆசிரியர்களுக்குத் திறக்கிறது. எனக்கும் மற்ற எல்லாருக்கும் "You need access" என்றுதான் வருகிறது. கேட்டால், "எனக்குத் திறக்குதே அத்தே, உங்க போன்லதான் ஏதோ கோளாறு" என்கிறான். கோளாறு யாருடையது? அவன் எதை மாற்ற வேண்டும்?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கைப்பேசியில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்குத் திறப்பது எதற்கும் சாட்சி ஆகாது. வீட்டுக்காரர் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், "பூட்டவே இல்லையே" என்று சொல்கிற மாதிரிதான் அது. கோப்புறை அவருடையது. அதைப் பூட்டி வைத்தாலும் திறந்து வைத்தாலும் அவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. மற்ற ஆசிரியர்களுக்குத் திறக்கிறது என்கிறீர்கள். கோப்புறை முழுக்கப் பூட்டியிருந்தால் அவர்களுக்கும் திறந்திருக்காது. எல்லாருக்கும் திறந்திருந்தால் உங்களுக்கும் திறந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது, அதில்தான் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் அண்ணன் மகன் இதைத் தன் சொந்த ஜிமெயிலில் செய்யவில்லை. பணிக்காகக் கொடுத்த மின்னஞ்சலில் செய்திருக்கிறார். அந்த மின்னஞ்சல் உள்ளவர்கள் எல்லாரும் டிரைவின் கண்ணுக்கு ஒரே வீட்டார். இணைப்பு அந்த வீட்டாருக்கு மட்டும் திறந்திருக்கிறது. நீங்களும் நானும் வெளியாட்கள்.

அவரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள். கணினியில் டிரைவைத் திறந்து, கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி Share என்பதற்குப் போகச் சொல்லுங்கள். ஒரு பெட்டி திறக்கும். மேலே பெயர் பெயராக ஆட்களின் பட்டியல் இருக்கும், கீழே General access என்று ஒரு பகுதி இருக்கும். அந்தக் கீழ்ப்பகுதியைத் திரைப்பிடிப்பு எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. Restricted என்று இருந்தால் மேலே பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். அமைப்பின் பெயர் இருந்தால் அந்த அமைப்பின் மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு மட்டும். Anyone with the link என்று இருந்தால்தான் இணைப்பு கையில் உள்ள எவருக்கும், கூகுள் கணக்கே இல்லாத உங்கள் பெரியம்மாவுக்கும் சேர்த்து, திறக்கும்.

அந்த வரியை அழுத்தினால் மற்றத் தெரிவுகள் விரியும். Anyone with the link இருந்தால் அதைத் தெரிவுசெய்து, வலப்பக்கம் Viewer என்று இருக்கிறதா பார்த்து, Done அழுத்திவிடலாம். இணைப்பு மாறாது. குழுவில் ஏற்கெனவே கிடக்கும் அதே இணைப்பை மறுபடி தொட்டால் திறக்கும், புதிதாக அனுப்ப வேண்டியதில்லை. இது தெரியாமல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது இணைப்பு அனுப்பி, குழுவில் ஐந்து இணைப்புகள் மிதக்க, எது சரியானது என்று யாருக்கும் தெரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

Viewer என்பதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் அங்கே Editor என்று வைத்துவிட்டால், இணைப்பு கிடைத்த எவரும் கோப்புறையிலிருந்து படத்தை வெளியே எடுத்துவிடலாம். வேண்டுமென்று யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் நம் குழுக்களில் பேரப்பிள்ளை கையில் கைப்பேசி இருக்கிற நேரம்தான் அதிகம்.

அவர் அந்த வரியை அழுத்தும்போது Anyone with the link என்ற தெரிவே இல்லாமலும் போகலாம். Restricted, அமைப்பின் பெயர், இரண்டு மட்டும் இருக்கும். அப்படியானால் அவர் எதையும் தவறவிடவில்லை. இணைப்பு உள்ள எவருக்கும் திறந்துவிடுவதை அந்தக் கணக்குகளை நிர்வகிப்பவர் மேலேயே அடைத்து வைத்திருக்கிறார். மாணவர் விவரமெல்லாம் புழங்கும் இடம், அடைப்பதில் நியாயம் உண்டு. அந்தப் பூட்டை உங்கள் அண்ணன் மகனால் கழற்ற முடியாது, நீங்கள் அழுத்தும் Request access பொத்தானாலும் முடியாது. அந்தப் பொத்தான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். வெளியாட்களுக்குப் பகிர்வதையே மேலே அடைத்திருந்தால், அவர் சம்மதித்தாலும் தடை தடைதான்.

ஆகவே படங்களை வேறு கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கோப்புறையை அவர் தன் கணினியில் இறக்கிக்கொள்ளட்டும், டிரைவே அதை ஒரு zip கோப்பாகக் கட்டித் தரும். அதைப் பிரித்து, சொந்த ஜிமெயில் கணக்கில் புதிதாக ஒரு கோப்புறை திறந்து ஏற்றட்டும். இலவசக் கணக்கில் மின்னஞ்சலுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம் உண்டு. வருடிய படம் ஒன்றுக்கு 4 எம்பி என்று வைத்தாலும் 200 படம் 800 எம்பிதான். பிறகு அந்தப் புதுக் கோப்புறைக்கு மேலே சொன்ன மாற்றத்தைச் செய்து இணைப்பு அனுப்பினால் போதும். இந்த முறை மட்டும் புது இணைப்பு வேண்டும், ஏனென்றால் இது வேறு கோப்புறை. பணிக்கணக்கில் எல்லாரும் பார்க்கும் தெரிவு இருந்தாலும் நான் இதையே சொல்வேன். நாளைக்கு அவர் வேலை மாறினால் கணக்கு போகும், கணக்கோடு உங்கள் தோட்டமும் போகும்.

இவ்வளவு செய்த பிறகும் சில படங்கள் மட்டும் முரண்டு பிடிக்கலாம். இதை என் செலவில் கற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா மலருக்குப் படம் சேர்த்தபோது கோப்புறை என்னுடையது, எல்லாருக்கும் திறந்தும் வைத்திருந்தேன். 64 படங்களில் 60 திறந்தன. நான்கு மட்டும் என்னைத் தவிர யாருக்கும் திறக்கவில்லை. அதில் ஒன்று, விடியற்காலைப் பெரட்டில் பால் வாளியோடு ஆட்கள் வரிசையாக நிற்கும் படம். மலரின் அட்டைக்கு அதைத்தான் நினைத்து வைத்திருந்தோம். அனுமதிப் பெட்டியை நான் ஏழெட்டு முறை திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த நான்கு படங்களின் சின்னத்தின் ஓரத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருப்பதை என் மகள்தான் காட்டினாள். அவை படங்களே இல்லை. என் மைத்துனி தன் டிரைவிலிருந்து எனக்குப் பகிர்ந்த படங்களை, கோப்புறைக்குள் கொண்டுவருவதாக நினைத்து Add shortcut கொடுத்திருக்கிறேன். குறுக்குவழி என்பது வழிகாட்டிப் பலகை மாதிரி. பலகை என் கோப்புறையில் நின்றது, படம் அவளுடைய டிரைவில் பூட்டிக் கிடந்தது. என் கோப்புறையை எவ்வளவு திறந்தாலும் அந்தத் திறப்பு பலகையைத் தாண்டிப் படத்துக்குப் போகாது. எனக்குத் திறந்ததற்குக் காரணம், அவள் எனக்குத் தனியாகப் பகிர்ந்திருந்தாள். உங்கள் அண்ணன் மகன் சொன்ன அதே வசனத்தை அன்று குழுவில் நானும் சொன்னேன்.

அங்கே அனுமதியை மாற்ற வேண்டியவள் அவள், நான் இல்லை. அவளுக்கு அந்த மெனுவெல்லாம் எட்டாது என்பதால் வேறு வழி பார்த்தேன். படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி Make a copy கொடுத்தால் நகல் எனக்குச் சொந்தமாகிவிடும். நகலைக் கோப்புறைக்குள் நகர்த்திவிட்டுப் பலகையை நீக்கினேன். திறந்த கோப்புறைக்குள் நிஜமாக இருக்கும் படம் கோப்புறையின் அனுமதியைத் தானே எடுத்துக்கொள்ளும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பகிர வேண்டாம். உங்கள் பையனும் யாராவது பகிர்ந்த படங்களை இப்படிச் சேர்த்திருந்தால், சின்னத்தின் ஓரத்தில் அந்தக் குட்டி அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கட்டும். அம்புக்குறி உள்ளவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரிபார்ப்பதை மட்டும் அவருடைய கணக்கில் செய்ய வேண்டாம். குரோமில் Ctrl+Shift+N அழுத்தினால் மறைநிலைச் சாளரம் திறக்கும், அதில் அவர் யாரென்று கூகுளுக்குத் தெரியாது. அங்கே இணைப்பை ஒட்டிப் பார்க்கட்டும். படங்கள் வந்தால் எல்லாருக்கும் வரும். உள்நுழையச் சொல்லிக் கேட்டால் இன்னும் பூட்டுத்தான். அங்கே திறந்து உங்கள் ஒருவர் கைப்பேசியில் மட்டும் திறக்காவிட்டால், அப்போது உங்கள் பக்கம் பார்க்கலாம். நீங்களும் ஏதாவது பணிக்கணக்கில் நுழைந்திருந்து, அந்த இடம் வெளிக்கோப்புகளைத் தடுத்திருக்கலாம். மேலே ஓரத்தில் உங்கள் படத்தைத் தொட்டுச் சொந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய தோட்டத்து ஆட்களைச் சேர்க்கும் குழுக்களில் படத்தோடு பெயர், தொலைபேசி, ஐசி எண் கொண்ட பட்டியலும் சுற்றுவது வழக்கம். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் அதை இந்தக் கோப்புறைக்குள் போட்டுவிட வேண்டாம். கோப்புறைக்குத் திறந்த கதவு பட்டியலுக்கும் திறந்துவிடும், இணைப்போ எத்தனை குழுக்களுக்குத் தட்டிவிடப்படும் என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் வெளியே தனியாக, Restricted ஆகவே இருக்கட்டும். பார்க்க வேண்டிய நாலைந்து பேரின் மின்னஞ்சலை மட்டும் மேலே சேர்த்தால் போதும். அதற்கு "You need access" என்று வந்தால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

புது இணைப்பு வந்ததும் எனக்கும் ஒன்று தட்டிவிடுங்கள். என் வீட்டுக்காரம்மாவின் கைப்பேசியில் எந்தப் பள்ளிக் கணக்கும் இல்லை, அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்கிறேன். அவளும் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான், படத்தில் யார் யார் என்று அவளே சொல்லிவிடுவாள்.