படத்தில் கறையை அழிக்கலாமா?

உழவர் சந்தையில் கடை போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் கேட்டலாகுக்கு எடுக்கும் மாம்பழப் படங்களில் கரும்புள்ளிகளை என் மகன் போனிலேயே அழித்துவிடுகிறான். தப்பா?
– விவசாயி, சேலம்

எந்தப் புள்ளி என்பதைப் பொறுத்தது. தூசி, ஒட்டிய இலைத் துணுக்கு, ஈ என்றால் தாராளமாக அழிக்கட்டும். பழத்தைக் கழுவினாலே போகிற அழுக்குதானே அது. கழுவியும் போகாதது பழத்தோடு வருவது, அதில் கை வைக்கக் கூடாது.

அதிலும் வேறுபாடு உண்டு. காம்பை முறித்தபோது வழிந்த பால் பட்டுக் கறுத்த கோடு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். குழிந்து கறுக்கும் புள்ளி அப்படியல்ல, அது பூஞ்சை நோய். பழுக்கப் பழுக்கப் பெரிதாகி சதைக்குள் இறங்கும். அதை அழித்துப் படம் போட்டால், மூன்று நாளில் அழுகப்போகிற பழத்தை நல்ல பழமென்று விற்கிறீர்கள்.

பால் கறைக்கு ஒரு வழி சொல்கிறேன். கிரேட்டின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மொத்தம் 20 பழம் எடுங்கள். ஒன்றிரண்டில்தான் கறை என்றால் அவற்றை ஒதுக்கிவிட்டு, கறையில்லாத பழத்தைப் படம் எடுங்கள். அழிக்கிற வேலையே இல்லை. ஏழெட்டில் இருந்தால் அந்தச் சரக்கே கறைச் சரக்கு. கறையோடு படம் எடுத்து, இரண்டு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, "தோலில் பால் கறை உண்டு, சதை சுத்தம்" என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுங்கள். அறுத்த பழத்தையும் படம் எடுத்துச் சேருங்கள். ஒரு பொருளுக்குப் பத்துப் படம் வரை வைக்க வாட்ஸ்அப் கேட்டலாகில் இடம் இருக்கிறது.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். Snapseed போன்ற செயலிகளில் Healing என்பது பக்கத்துத் தோலை எடுத்துப் பூசுகிற வேலை. பூசிய இடத்தில் மாந்தோலின் பொடிப்பொடிப் புள்ளிகள் காணாமல் போய் மழமழவென்று ஆகிவிடும். பழத்தின் விளிம்பில் பூசினால் பின்னணியும் சேர்ந்து இழுபடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆப்பிள் படத்தை என் கடைக்குப் போடலாமா?
– பழக்கடைக்காரர், ஈரோடு

கூடாது. அது உங்கள் கூடையில் இல்லாத பழம்.

படத்தில் தக்காளி செக்கச்செவேலென்று இருந்தது. வந்ததில் பாதி காய். "லைட்டு அப்படி" என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, மதுரை

உங்கள் கோபம் நியாயம். நான் பல வருஷமாகப் புலம்புவதும் இதைத்தான். கறையை அழித்தால் ஊரே கேட்கிறது, நிறத்தை மாற்றினால் யாரும் கேட்பதில்லை. தக்காளிக்கும் மாம்பழத்துக்கும் நிறம்தான் பழுத்த பதம். சிவப்புத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் செங்காயும் பழமாகத் தெரியும், மஞ்சள் பல்புக்குக் கீழே பச்சை மாங்காயும் மஞ்சளிக்கும். போன வருஷம் அப்படி ஒரு படத்தை நம்பி 5 கிலோ மல்கோவா வாங்கினேன். வந்தது கல் மாதிரி இருந்தது. வைக்கோலில் பத்து நாள் வைத்தும் பாதி பழுக்கவே இல்லை, தோல் சுருங்கி வாடியது. முற்றாத காயைப் பறித்திருக்கிறார்கள். அதைப் படத்தில் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

விற்கிறவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தார்ப்பாயை விட்டு வெளியே வந்து, நிழலில், தக்காளி பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரி செய்யலாம். அங்கே நிறுத்துங்கள், சிவப்பை அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

நீங்கள் கேட்டலாகுப் படத்தையும் வந்த தக்காளியையும் அருகருகே வைத்து அவருக்கு அனுப்புங்கள். இணையவழி விற்பனைக்கான 2020 நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளை விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். விட்டுவிடாதீர்கள்.

பத்து கிலோ கொய்யாவுக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கட்டினேன். பாதி அடிபட்டு வந்தது, குப்பையில் போட்டுவிட்டேன். பணம் கிடைக்குமா?
– வாசகர், கோவை

எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பெட்டியைப் பிரித்ததும் ஒரு படம் எடுக்க ஒரு நிமிஷம் ஆகுமா? முதல் ரகமா இரண்டாம் ரகமா என்றாவது கேட்டீர்களா? முன்பின் தெரியாத கடையில் முதல் முறையே பத்து கிலோ வாங்காதீர்கள்.

பூவன் பழத்தின் கரும்புள்ளியைப் படத்தில் அழித்தால் என்ன? ருசி மாறவில்லையே.
– கடைக்காரர், திருச்சி

ருசி மாறாது, நாள் மாறும். புள்ளி விழாத சீப்பு என்று நம்பி வாங்குகிறவர் மூன்று நாள் வைத்துச் சாப்பிட நினைப்பார். வந்தது மறுநாளே குழையும். புள்ளியோடு படம் போட்டு, "இன்றைக்கே சாப்பிட" என்று எழுதுங்கள். பஞ்சாமிர்தம் பிசைகிறவர்கள் அந்தச் சீப்பைத்தான் கேட்டு வாங்குவார்கள்.