போக விட்டார்கள் என்றால் எங்கே போக விட்டார்கள்?

கேள்வி: ஆங்கில வொக்கபுலரி கேள்விகளில் யூஃபமிசம், அதாவது சொல்லக் கூசும் விஷயத்தை மென்மையாகச் சொல்லும் சொல், வந்தால் எனக்கு அநேகமாகப் பிழைத்துவிடுகிறது. பட்டியலைப் பாடமாக்கியும் சரிவரவில்லை. அதன் நேரடி அர்த்தத்தை எப்படிப் பிடிப்பது?

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்னக் கந்தோரில். மூன்றாவது வாரமோ என்னவோ, மேலதிகாரி ஃபோனில் யாரிடமோ இரண்டு பேரை ‘லெட் கோ’ பண்ண வேண்டி வந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. அன்று வெள்ளிக்கிழமை, வெளியே நல்ல மழை. பஸ் கிடைக்காது என்று இரண்டு பேரை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போய், “சேர், எனக்கும் வெள்ளவத்தைக்குப் போகவேணும், என்னையும் லெட் கோ பண்ணுவீங்களா?” என்று கேட்டும்விட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திங்கட்கிழமை அந்த இரண்டு பேருடைய மேசையும் வெறுமையாக இருந்தது.

இப்போது பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் விடுவதும் இதே பிழைதான். லெட் தெரியும், கோ தெரியும். தெரியாத சொல் என்றால் யோசிப்பார்கள். தெரிந்த சொல்லாக இருப்பதால் யோசிக்காமல் கோடிட்டுவிடுகிறார்கள்.

தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. நன்னூல் இதை இடக்கரடக்கல், மங்கலம் என்று பெயர் வைத்தே சொல்கிறது. கால் கழுவி வந்தான் என்றால் காலில் சேறா என்று யாரும் கேட்பதில்லை. வீரகேசரி மரண அறிவித்தலில் ஒருவர் காலமானார், இன்னொருவர் இறைபதமடைந்தார், மற்றவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று வரும். மூன்றும் ஒரே செய்தி என்று பிள்ளைக்கும் தெரியும். யூஃபமிசம் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் நல்ல பேச்சு என்றுதான் பொருள். மங்கல வழக்கு என்பதற்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது.

சரி, ஒரு கேள்வியைச் செய்து பார்ப்போம். ஓர்டர்கள் குறைந்ததால் கட்டுநாயக்கவில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலை 40 வேலையாட்களை ‘லெட் கோ’ செய்தது என்று வசனம் வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் நான்கு: வீட்டுக்குப் போக அனுமதித்தது, ஒழுங்கீனத்துக்காக விலக்கியது, வேலையிலிருந்து நிறுத்தியது, லீவு கொடுத்தது.

முதலாவது, சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுப்பவரைப் பிடிக்கிற பொறி. நான்காவதும் அதன் தம்பிதான். இந்த இரண்டையும் கழிக்க அநேகருக்குத் தெரியும். மார்க்ஸ் போவது இரண்டாவதில். வேலை போனது என்று அர்த்தம் பிடித்தவர்கூட அதில்தான் விழுகிறார், ஏனென்றால் அதிலும் வேலை போகிறது. இங்கே கையைப் பிடித்துத் தடுப்பது வசனத்தின் முன்பாதி. ஓர்டர் குறைந்தது என்று காரணம் சொல்லியாகிவிட்டது. வேலையாளின் மேல் குற்றம் இல்லை. ஆகவே மூன்றாவதுதான் விடை. களவு பிடிபட்டதால் லெட் கோ செய்தார்கள் என்று வசனம் இருந்திருந்தால் இரண்டாவது சரியாகியிருக்கும்.

லெட் கோ இரண்டுக்கும் பொதுவான போர்வை. போர்வையை எடுத்தால் கீழே இரண்டு வேறு வேறு சொற்கள் கிடக்கின்றன. குற்றத்துக்காக என்றால் ‘ஃபயர்ட்’ அல்லது ‘சாக்ட்’. வேலையே இல்லாமல் போனதால் என்றால் பிரிட்டிஷ்காரர் ‘மேட் ரிடன்டன்ட்’ என்பார்கள், அமெரிக்கர் ‘லெய்ட் ஓஃப்’ என்பார்கள். பட்டியலில் “லெட் கோ = ஃபயர்ட்” என்று ஒரே வரியில் பாடமாக்கியவர் பிழை விடுவது இதனால்தான். நேரடிச் சொல் சொற்றொடருக்குள் மட்டும் இல்லை, பாதி வசனத்தில் இருக்கிறது. நீங்கள் தெரிவு செய்த விடையை அதே இடத்தில் வைத்து வசனத்தை முழுதாக ஒருமுறை வாசியுங்கள். காரணத்தோடு முட்டினால் அது விடை இல்லை.

அடுத்தது, செய்தவர் யார் என்ற விஷயம். ‘பாஸ் அவே’ என்றால் இறப்பது. ‘புட் டு ஸ்லீப்’ என்பதையும் பிள்ளைகள் இறப்பது என்றே எழுதுகிறார்கள், ஏனென்றால் இரண்டும் பட்டியலில் மரணம் என்ற ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன. மிருக வைத்தியர் நாயை புட் டு ஸ்லீப் செய்தார் என்ற வசனத்தில் இறந்தார் என்று வைத்துப் பாருங்கள்: வைத்தியர் நாயை இறந்தார். காதே சொல்லிவிடும். அங்கே வேண்டியது, வலியில்லாமல் கொல்லுதல் என்ற சொல். பாஸ் அவே தானாக நடப்பது; புட் டு ஸ்லீப் ஒருவர் இன்னொன்றுக்குச் செய்வது. அதுவும் மிருகங்களுக்கு. மனிதரைப் பற்றி, ஒப்பரேஷனுக்கு முன் புட் டு ஸ்லீப் செய்தார்கள் என்று வந்தால் அது மயக்க மருந்து. பதற வேண்டாம்.

கேள்வியைத் திருப்பியும் கேட்பார்கள்: இறந்தார் என்பதற்கு யூஃபமிசம் எது? விடைகளில் ‘கிக் த பக்கெட்’ இருக்கும். மறைபொருளாகச் சொல்கிற எல்லாம் யூஃபமிசம் என்று நினைப்பவர் அதைத் தெரிவு செய்வார். அர்த்தம் சரிதான். ஆனால் அது மண்டையைப் போட்டான் என்று நாங்கள் சொல்வதற்குச் சமம்; மென்மையாக்கவில்லை, கேலி செய்கிறது. செத்த வீட்டு வாசலில் நின்று, இறந்தவரின் மகளிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லலாம் என்றால் யூஃபமிசம். அடிவாங்குவோம் என்றால் வெறும் இடியம்.

‘எக்ஸ்பயர்ட்’ பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ஆட்கள் இறந்ததற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் இன்றைய பொது ஆங்கிலத்தில் அது முதலில் நினைவூட்டுவது பால் பைக்கட்டையும் பாஸ்போர்ட்டையும்தான். பரீட்சைத் தாளில் பாஸ் அவே பக்கத்தில் இருந்தால் எக்ஸ்பயர்டைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, பரீட்சைக்கு வராது, எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன். ‘டொய்லெட்’ ஒரு காலத்தில் நாசூக்கான சொல்லாக இருந்தது. பிரெஞ்சில் சிறு துணியைக் குறித்த சொல், அப்புறம் ஒப்பனை, அப்புறம் ஒப்பனை அறை என்று நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தது. இப்போது அதுவே பச்சையாகக் கேட்கிறது என்று அமெரிக்கர் ‘ரெஸ்ட்ரூம்’ என்கிறார்கள். இளைப்பாறும் அறை என்ற விடையைக் கோடிட வைக்க அந்த ஒரு சொல்லே போதும். எங்கள் கக்கூஸோ நேரெதிர். டச்சுக்காரர் வாயில் அது ஒளிவுமறைவே இல்லாத சொல். வந்த பாஷை தெரியாததால் நமக்கு உறைக்கவில்லை.

கடைசியாக, எல்லா இடத்திலும் போர்வையைத் தேடவும் கூடாது. கையை லெட் கோ செய் என்றால் கையை விடு, அவ்வளவுதான். குழந்தையை எட்டு மணிக்கு புட் டு ஸ்லீப் செய்தாள் என்றால் தூங்க வைத்தாள். ஆளா, பொருளா, எந்த இடம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். வசனமே தராமல் சொற்றொடரை மட்டும் தந்திருந்தால், கேள்விக்கு மேலே உள்ள அறிவுறுத்தலைப் பாருங்கள். அதில் யூஃபமிசம் என்று இருந்தால் கையை விடுவது விடையாக இருக்க முடியாது.